ஜன்னலுக்கு முன் நின்றவள்

அண்ணன் மெமரி கார்டை என் மேஜையில் வைத்தபோதே அவன் முகம் சரியில்லை. முந்தின நாள் மாலை ஒரு வீட்டுக்குப் போய்க் குடும்பப் படம் எடுத்து வந்திருந்தான். அவன் எடுப்பான், நான் கம்ப்யூட்டரில் சரிசெய்வேன். எங்கள் ஸ்டூடியோவில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான்.

"திட்டாத. ஃபிளாஷ் மக்கர் பண்ணிடுச்சு. அந்தம்மா வேற ஜன்னல விட்டு நகர மாட்டேன்னுடுச்சு."

"எந்தம்மா?"

"வீட்டுக்காரரோட மனைவி. எல்லாரையும் சோபாவுல உக்கார வச்சேன். இவங்க மட்டும் பின்னாடி, நடு ஜன்னலுக்கு நேரா நின்னாங்க. 'இந்தப் பக்கம் வாங்க மேடம், வெளிச்சம் நல்லா இருக்கும்'னு நாலு தடவை சொன்னேன். 'இங்கயே இருக்கேன்'னு ஒரே பிடிவாதம். முகம் கருப்பாத்தான் விழுந்திருக்கும். நீ பாத்துக்க மாட்டியா, வாத்தியாரம்மா?"

எதையும் விளக்காமல் என்னால் இருக்க முடியாது என்பதால் அவன் வைத்த பெயர் அது. கோபம் வருவதற்குப் பதில் எனக்கு உற்சாகம்தான் வந்தது. இப்படிப்பட்ட படங்கள் எனக்குப் பிடிக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். பகல் நேரத்து ஜன்னல், அறைக்குள் இருக்கும் முகத்தைப் போல அறுபது மடங்குக்கும் மேலாக ஒளிர்வது சாதாரணம். நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒரு படத்துக்கு ஒரே வெளிச்ச அளவுதான். முகத்துக்கு அளவு வைத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அதில் மரமும் இருக்காது, திரைச்சீலையின் மடிப்பும் இருக்காது. ஜன்னலுக்கு அளவு வைத்தால் முகம் நிழலாகிவிடும். அண்ணன் ஜன்னலுக்கு வைத்திருந்தான். அது சரியான முடிவு. முழு வெள்ளையாகப் போன இடத்தில் கேமரா எதையும் எழுதி வைப்பதில்லை, அதை யாராலும் மீட்க முடியாது. கறுப்பாகத் தெரியும் இடத்தில் கொஞ்சம் எழுதியிருக்கும். நம் கண்ணுக்குத்தான் தெரியாது. அதுவும் கேமரா பார்த்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக இருந்தால் அந்தக் 'கொஞ்சம்' நிறையவே இருக்கும்.

மொத்தம் பதினான்கு படங்கள். முதலாவதைத் திறந்தேன். சோபாவில் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. பக்கச் சுவர் வெள்ளை என்பதால் அதில் பட்டுத் திரும்பிய ஒளியில் மூன்று பேரும் தெளிவாக இருந்தார்கள். பின்னால் அவள். தலைமுடியின் ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வடிவம். குழந்தையின் தோளில் வைத்திருந்த கை மட்டும் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். மரியாதையான, அவசரமான குரல்.

"மேடம், என் மனைவி முகம் பளிச்சுன்னு வரணும். அவங்க அம்மா ஒரே நச்சரிப்பு. வீடியோ கால்ல பொண்ணு முகமே தெரியலையாம். படமாவது அனுப்பிட்டா வாய மூடிக்குவாங்க. ரெடியானதும் எனக்கும் அவங்களுக்கும் லிங்க் அனுப்பிடுங்க. நான் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் ஃபோன தொடுவேன்."

அவர் சொன்ன இரண்டு நம்பர்களையும் அப்போதே ஆர்டரில் ஏற்றினேன். எங்கள் வழக்கம் இதுதான்: ஆல்பம் தயாரானதும் ஆர்டரில் இருக்கும் எல்லா நம்பருக்கும் லிங்க் தானாகவே போய்விடும்.

வேலையைத் தொடங்கினேன். மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கினால் ஜன்னல் எரிந்துபோகும். அதனால் முகத்தை மட்டும் வெட்டித் தனியாகத் தொட வேண்டும். அதற்குத்தான் மாஸ்க். ஒரு கண்ணாடித் தாளை எல்லாம் கறுப்பாக அடித்து, முகத்தின் வடிவில் மட்டும் ஓட்டை விட்டுப் படத்தின்மேல் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்யும் எதுவும் அந்த ஓட்டை வழியாக மட்டுமே படத்தில் இறங்கும். இப்போதைய சாஃப்ட்வேர் முகத்தைத் தானே கண்டுபிடித்து அந்த ஓட்டையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. காது, கழுத்து, முடியோரம் ஆகியவற்றை நான் பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்வேன். ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல விட்டால் தலையைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் தெரியும்; சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி, ஆனால் அசிங்கமாக. அதனால் ஓரத்தை மெல்ல மங்கவிட வேண்டும்.

எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப் நான்கு மடங்கு. மூன்று ஏற்றினேன். எட்டு மடங்கு.

கறுப்புக்குள்ளிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு நெற்றி, கண்கள். தண்ணீருக்கடியிலிருந்து ஒருவர் மேலே வருவதுபோல இருக்கும் அந்த நொடி. இத்தனை வருஷமாகியும் எனக்கு அலுக்கவில்லை. முப்பது வயது இருக்கும். உதடுகள் சிரித்துக்கொண்டிருந்தன.

இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஊதாவாக ஒரு திட்டு.

அதைப் பார்த்து நான் நின்றுவிடவில்லை. இதைத்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் கேமரா பழையது. ஆழமான நிழலை ஏற்றினால் அதில் ஊதாச் சாயம் தலைகாட்டும், அங்கங்கே திட்டுத்திட்டாக. வாரத்துக்கு நாலு படத்திலாவது அதைத் துடைக்கிறேன். கை பழகிவிட்டது. பிரஷ்ஷை எடுத்தேன், ஊதாவை அடக்க நிறத்தைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளினேன், திட்டின்மேல் நாலு இழுப்பு இழுத்தேன். போய்விட்டது. கன்னம் சுத்தம்.

பிறகு அந்த ஒரு படத்துக்குச் செய்ததை மீதிப் பதிமூன்றுக்கும் ஒரே சொடுக்கில் பரப்பினேன். எல்லாவற்றிலும் முகம் தெரிகிறதா என்று சின்னச் சதுரங்களாக மட்டும் பார்த்தேன். தெரிந்தது. ஆல்பத்தை ஏற்றிவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாவது படத்தில் வெள்ளைத் திரைச்சீலையில் பாசி படிந்ததுபோல ஒரு பச்சைக் கறை.

ஒரு கணத்தில் புரிந்தது. சாஃப்ட்வேர் தானாகப் போடும் முக மாஸ்க் ஒவ்வொரு படத்திலும் முகத்தைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கும். கையால் போட்ட பிரஷ் அப்படித் தேடாது. முதல் படத்தில் எந்த இடத்தில் தீட்டினேனோ, மற்ற படங்களிலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாவது படத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அவள் கன்னம் இருந்த இடத்தில் இப்போது திரைச்சீலை. என் பச்சை அதன்மேல் விழுந்திருந்தது.

கன்னத்தில் ஊதா அப்படியே இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறாவது படம். ஏழாவது. பதினொன்றாவதில் அவள் குழந்தையைக் குனிந்து பார்க்கிறாள். முகம் படத்தின் மறு ஓரத்துக்கே போய்விட்டது. அங்கேயும் இடது கண்ணுக்குக் கீழே அதே திட்டு.

கேமராவின் அழுக்குக்கு இரண்டு குணம்தான் உண்டு. ஒன்று, மணல் தூவியதுபோல வரும் புள்ளிகள், நாய்ஸ் என்போம். இவை படத்துக்குப் படம் இடம் மாறும், எதையும் பின்தொடராது. இன்னொன்று, ஒளியை வாங்கும் சென்சாரிலேயே இருக்கும் குறை. இது எத்தனை படம் எடுத்தாலும் படத்தின் ஒரே மூலையில் நிற்கும், ஆள் நகர்ந்தாலும் அது நகராது. ஆளோடு சேர்ந்து நகரும் அழுக்கு எந்தக் கேமராவிலும் கிடையாது.

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். நடுவில் கருஊதா. ஓரத்தில் பழுத்த மஞ்சள். மணலுக்கு ஓரம் இருக்காது. இதற்கு இருந்தது.

"அண்ணா, இங்க வா."

வந்து பார்த்தான்.

"நாய்ஸா இருக்குமோ?" என்றான். இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

"பதினாலு படத்துலயும் கன்னத்தோடயே போகுது."

"விழுந்திருக்கலாம். கதவுல இடிச்சிருக்கலாம்."

"இருக்கலாம். அப்ப எதுக்கு நீ நாலு தடவை கூப்ட்டும் ஜன்னல விட்டு வரல? எதுக்கு அவங்க அம்மா வீடியோ கால்ல முகமே பாக்கல?"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "பாரு, நம்ம வேலை படம் எடுத்துக் கொடுக்கறது. அடுத்த வீட்டு விஷயத்துல..." பாதியில் நிறுத்தினான். "லிங்க் போயிடுச்சா?"

பதினொன்று நாற்பதுக்குப் போயிருந்தது. யார் திறந்தார்கள் என்று ஆல்பம் காட்டும். வீட்டுக்காரர்: திறக்கவில்லை. அவருடைய மாமியார்: திறந்திருக்கிறார், பதினான்கு படங்களும்.

லிங்க்கை மூடினேன். மணி பன்னிரண்டு பத்து. மூடினால் மட்டும் என்ன? பார்த்த கண்ணை மூட முடியுமா?

ஐந்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது. வயதான பெண் குரல்.

"ஏம்மா, நான் பொண்ணோட அம்மா பேசறேன். படம் பாத்தேன். நல்லா இருக்கு. நாலு மாசமா பாக்காத முகம். முதல் படத்துல ஒண்ணும் இல்ல. அடுத்ததுலல்லாம் கன்னத்துல என்னவோ கறை மாதிரி இருக்கே கண்ணு. அது கேமராவுல வர்றதா?"

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சொல். நிழல ஏத்தினா அப்படித்தான்மா வரும், தொடச்சு அனுப்பறேன். பெரும்பாலும் அது உண்மைதான். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா," என்றேன். "கேமரா போட்டதுன்னா ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல இருக்கும். இது முகத்தோடயே இருக்கு. முதல் படத்துல நான்தான் தொடச்சேன், என்னன்னு தெரியாம."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பவுடர் போட்டிருப்பா, அதுல மறைஞ்சிடும்னு மாப்ளயும் நினைச்சிருப்பார்," என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "சின்ன வயசுலேர்ந்து அடிபட்டா யார்கிட்டயும் சொல்ல மாட்டா. மாப்ள பாத்துட்டாரா?"

"இன்னும் இல்லம்மா. மூடிட்டேன்."

"மூடியே வை. நான் பஸ் பிடிக்கறேன்."

ஒரு மணி இரண்டு நிமிஷத்துக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். லிங்க் திறக்கவில்லை என்றார். சின்னத் தவறு சார், சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்றேன். முகம் வந்ததா என்றார்.

இருட்டிலிருந்து முகத்தை எடுத்துக் கொடுப்பதில் எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "வரல சார். ஜன்னல் வெளிச்சம் ரொம்ப அதிகம். முகத்துல ஒண்ணுமே பதியல."

"என்ன மேடம் பேசறீங்க? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேமரா வச்சிருக்கார். ரா ஃபைல் இருந்தா எந்த இருட்டுலேர்ந்தும் எடுத்துடலாம்னு சொல்றார். அந்த ஃபைல அனுப்புங்க. நாங்களே பாத்துக்கறோம்."

அந்த ஆபீஸ் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன்.

அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கினான். "சார், எடுத்தவன் நான்தான் பேசறேன். ரா ஃபைல் கிடையாது சார். ஜேபெக்லதான் எடுத்தேன், சுருக்கின படம். கார்டயும் அடுத்த வேலைக்கு அழிச்சாச்சு."

எதிர்க்குரல் எனக்கும் கேட்டது. "ஜன்னல் முன்னாடி நிக்க வச்சு எடுக்கக் கூடாதுன்னு கூடவா தெரியாது? ஸ்டூடியோவாய்யா நடத்தறீங்க?"

"தப்புதான் சார்." அண்ணனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இருபது வருஷமாகக் கேமரா பிடிப்பவன். "ஃபிளாஷ் வேலை செய்யல. என் கவனக்குறைவு."

"இருக்கறத அனுப்புங்க. நான் அவர்கிட்டயே கொடுத்துப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டு அண்ணன் வெளியே போய் வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எதையும் தொடவில்லை. என்ன அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எது வேண்டும் என்பதே தெரியாதபோது நான் எதைச் செய்தாலும் அது இன்னொரு தடவை அவளைக் கேட்காமல் செய்வதுதான்.

இரண்டரை மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல்.

"படம் சரி பண்றவங்க நீங்கதானா?"

"ஆமாங்க."

"யாரு கேட்டா உங்கள?" குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. "நான் தெரிஞ்சேதானே அங்க நின்னேன்? எங்க நின்னா முகம் தெரியாதுன்னு நாலு மாசமா போன வச்சுப் பழகி வச்சிருக்கேன். உங்க அண்ணன் அத்தன தடவ கூப்டப்பக்கூட நகரலையே. ஒரு பொம்பள நகராம நிக்கறான்னா எதுக்குன்னு யோசிக்க மாட்டீங்களா?"

"யோசிக்கல," என்றேன். "உங்க முகம் தெரியணும்னு மட்டும்தான் நினைச்சேன். தப்பு என்னோடது."

பின்னணியில் அம்மா ஏதோ சொல்வதும், "நீ சும்மா இரும்மா" என்று இவள் அதட்டுவதும் கேட்டது.

"அவர் பாத்துட்டாரா?"

"இல்ல. ஆனா இருக்கற படத்த அனுப்பச் சொல்றார். ஆபீஸ்ல யார்கிட்டயோ கொடுத்து வெளிச்சமாக்கப் போறாராம்."

அவள் மூச்சை இழுப்பது கேட்டது. "நாலு பேர் பாத்தா..." என்று தொடங்கி விட்டுவிட்டாள். "அந்த நாலு பேரையும் நான்தான் வேணும்னே பாக்க வச்சேன்னு அவர் சொல்லுவார். யாராலயும் எடுக்க முடியாத மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும்."

"நிஜமா? சும்மா மேலாக்கக் கருப்படிக்கறது இல்லையே?"

அந்த நேரத்திலும் நான் விளக்கினேன். அவளுக்கும் அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். கறுப்பாகத் தெரிவது வேறு, கறுப்பாகவே இருப்பது வேறு என்றேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நிழலில் அது மூன்று, ஐந்து, ஏழு என்று சின்னச் சின்ன எண்ணாக இருக்கும், அந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் பெருக்கி முகமாக்குகிறோம். எல்லாப் புள்ளியையும் பூஜ்யமாக்கிவிட்டால், எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

"பூஜ்யமாக்கிடுங்க," என்றாள்.

"மூல ஃபைல்? அதுல எல்லாம் இருக்கு. அழிச்சிடவா?"

மறுமுனையில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வச்சிருங்க," என்றாள். "தேதியோட இருக்குமா?"

"தேதி, நேரம், எல்லாம்."

"எனக்கு எப்பத் தேவைப்படும்னு தெரியாது. தேவைப்படுமான்னும் தெரியாது. யார்கிட்டயும் கொடுக்காதீங்க. எங்க அம்மாகிட்டகூட."

போன் கைமாறியது. அம்மா தாழ்ந்த குரலில் பேசினார். "என்கூட வரமாட்டேங்கறா கண்ணு. குழந்தைக்குப் பள்ளிக்கூடம், அது இதுன்னு காரணம். நான் இங்கயே உக்காந்திருக்கேன். அவர் ஆறு மணிக்கு வருவார். வரட்டும்." பயமா, பிடிவாதமா என்று அந்தக் குரலிலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை.

அண்ணன் உள்ளே வந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து வைத்தான். ரா ஃபைல்கள் பதினான்கையும் அதில் ஏற்றினோம். எண்ணிக்கையைச் சரிபார்த்து, திறந்து பார்த்து, பெட்டியில் போட்டு அவன் அலமாரிக்குள் பூட்டினான்.

பிறகு முதல் படத்தைத் திறந்தேன். காலையில் போட்ட மாஸ்க் அப்படியே இருந்தது. கழுத்து, காது, முடியோரம் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தது. நல்ல மாஸ்க். எக்ஸ்போஷரை மூன்றிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், அங்கிருந்து கீழே இறக்கினேன். மைனஸ் இரண்டு. மைனஸ் நான்கு. கறுப்பின் அளவைக் கடைசிவரை இழுத்தேன். முகம் வந்த வழியிலேயே திரும்பிப் போனது: முதலில் கண்கள், பிறகு நெற்றி, கடைசியாக மூக்கு. எங்கே ஒன்றுமே மிச்சமில்லையோ அங்கே நீலம் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுப் பார்த்தேன். காதோரம் ஒரு கீற்று இன்னும் உயிரோடு இருந்தது. பிரஷ்ஷால் அதையும் சேர்த்தேன். முகம் முழுக்க நீலம்.

இந்தத் தடவை மற்றவற்றுக்கு ஒரே சொடுக்கில் பரப்பவில்லை. பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கன்னம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக அணைத்தேன். ஜேபெக்காக எழுதினேன். எழுதியதை மறுபடி திறந்து, அந்த ஆபீஸ் நண்பர் என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் நானே செய்து பார்த்தேன். மூன்று ஸ்டாப். ஐந்து ஸ்டாப். கறுப்பு சாம்பலாகக்கூட மாறவில்லை.

நாலரைக்கு அனுப்பினேன், வீட்டுக்காரருக்கு மட்டும். ஐந்தேகாலுக்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'நண்பரும் பார்த்தார். உங்களைப் போன்றவர்களிடம் கொடுத்தது என் தவறு.'

அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினான்.

"அஞ்சே கால்," என்றான்.

அவர் வீடு திரும்பும் ஆறு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கடையைச் சாத்துவதற்கு நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. போன் மேஜையின் நடுவில் கிடந்தது.